பைப்படியில் பத்து வரை எண்ணுதல்: கொழும்புத் தமிழ்மொழிமூலப் பாடசாலை அதிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களே, பிரதி அதிபர்களே,

கொழும்பில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையின் விசேட கல்வி அலகில் படிப்பிக்கும் ஆசிரியை நான். எங்கள் பாடசாலையின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போவது ஒரு பாடசாலையின் கதை மட்டுமல்ல, வேறு அலகுகளில் வேலை செய்கிற என் தோழிகளும் இதையேதான் சொல்கிறார்கள்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறொரு வகுப்பு ஆசிரியர் வராத நாளில், அலகில் இருக்கும் எங்களை ரிலீஃபுக்கு அனுப்பாதீர்கள். "உங்களிடம் ஏழு பிள்ளைகள்தானே, அங்கே முப்பத்தெட்டுப் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள்" என்று நீங்கள் சொல்லும்போது அது நியாயமாகத்தான் கேட்கிறது. பல வருடம் எனக்கும் அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறேன். இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அது எட்டு வரிகள் கொண்ட ஒரு தாளில் இருப்பதால், அந்தத் தாள் நிரம்பிய கதையைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு தோட்டத்திலிருந்து வரும் பையன். ஓட்டிசம் உள்ளவன், பேச்சு மிகக் குறைவு, அப்போது எட்டு வயது. அவனை இங்கே தம்பி என்றே எழுதுகிறேன், வகுப்பிலும் அப்படித்தான் கூப்பிடுவோம். அலகுக்கு வந்த புதிதில் அவனுக்கு என்ன படிப்பிக்க வேண்டும் என்று தாயிடம் கேட்டேன். எழுத்து, எண் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "டீச்சர், கையைத் தானாகக் கழுவினால் போதும். எனக்கு இன்னும் இரண்டு சின்னதுகள் இருக்குதுகள்" என்றார். அதையே அவனுடைய தனியாள் கல்வித் திட்டத்தில் முதல் இலக்காக எழுதினோம்.

கை கழுவுவது நமக்கு ஒரு வேலை. தம்பிக்கு அது எட்டு வேலை. பைப்படிக்குப் போவது, பைப்பைத் திறப்பது, கையை நனைப்பது, சவர்க்காரம் எடுப்பது, தேய்ப்பது, நுரை போகக் கழுவுவது, பைப்பை மூடுவது, துவாயில் துடைப்பது. இப்படிப் பிரிப்பதற்கு முன் நானே இரண்டு நாள் பைப்படியில் நின்று என் கையைக் கழுவிப் பார்த்து எழுதினேன். மேசையில் இருந்து எழுதினால் ஏதாவது ஒரு படி தவறிவிடும். அந்தத் தவறிய படியில்தான் பிள்ளை வாரக்கணக்கில் நின்றுவிடும்.

இந்த எட்டையும் நான் முதலாவதிலிருந்து தொடங்கவில்லை, கடைசியிலிருந்து தொடங்கினேன். முதல் ஏழு படிகளையும் அவன் கையைப் பிடித்து நானே செய்வித்தேன். எட்டாவதான துடைப்பது மட்டும் அவனுடையது. அவன் துடைத்தால் வேலை முடிந்துவிடுகிறது, உடனே சாப்பாட்டுப் பெட்டி திறக்கிறது. பின்னோக்கிப் படிப்பிப்பதன் பயன் இதுதான். பிள்ளை தானாகச் செய்கிற படிக்குப் பக்கத்திலேயே வேலையின் முடிவும் சந்தோஷமும் இருக்கும். முதலாவது படியிலிருந்து தொடங்கியிருந்தால், அவன் பைப்படிக்குத் தானாக நடந்து போன பிறகும் நான் அவன் கையைப் பிடித்து இன்னும் ஏழு படி இழுத்திருப்பேன். தன்னால் முடிந்தது என்ற உணர்வு அதற்குள் கரைந்து போயிருக்கும்.

ஒரு நாளில் மூன்று தடவை செய்தோம்: இடைவேளைச் சாப்பாட்டுக்கு முன், கழிவறைக்குப் போய் வந்த பின், நிறம் தீட்டும் நேரம் முடிந்த பின். இதற்கென்று தனிப் பாடவேளை வைக்கவில்லை, கை அழுக்கான நேரத்தில்தான் கை கழுவினோம். ஒரு படியைத் தொடர்ந்து மூன்று நாள், மூன்று தடவையும், உதவியில்லாமல் செய்தால் அடுத்த படிக்குப் போவது என்பது எங்கள் விதி. தாளில் எட்டு வரி, ஒவ்வொரு நாளுக்கும் மூன்று கட்டம். தானாகச் செய்தால் "தா", கையைப் பிடித்துச் செய்வித்தால் "கை", வாயால் சொல்லிச் செய்தால் "சொ". இவ்வளவுதான் பதிவேடு.

நான் நின்ற இடத்தையும் சொல்ல வேண்டும். அவனுக்கு முன்னால் நான் நிற்கவில்லை, முதுகுக்குப் பின்னால் நின்றேன். முன்னால் நின்றால் பிள்ளை பைப்பைப் பார்க்காது, நம் முகத்தைப் பார்க்கும். பின்னால் நின்று மணிக்கட்டைப் பிடித்தேன். இரண்டு நாள் கழித்துப் பிடியை முழங்கைக்கு மாற்றினேன். அப்புறம் தோளில் ஒரு விரல். அப்புறம் கை எடுத்துவிட்டுச் சும்மா நிற்பது. இந்தக் குறைப்பில்தான் படிப்பித்தல் நடக்கிறது. உதவி செய்வது எவருக்கும் வரும். உதவியை எந்த நாளில், எவ்வளவு எடுப்பது என்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

பொறுமை என்று எல்லோரும் எங்களைப் பாராட்டும் விடயமும் இங்கேதான் வருகிறது. நான் பொறுமைசாலியாகப் பிறக்கவில்லை. என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். எனக்குப் படிப்பித்துத் தந்தது ஓர் எண்ணிக்கை. ஒரு தடவை துவாயைக் காட்டிவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். அந்தப் பத்து முடியும்வரை திரும்பச் சொல்லக் கூடாது, தொடக் கூடாது, "ம்ம்" என்றுகூட முனகக் கூடாது. தம்பியைப் போன்ற பல பிள்ளைகளுக்குக் கேட்டது உள்ளே போய்ச் செயலாக மாற நேரம் எடுக்கும். ஐந்தாவது எண்ணில் நாம் திரும்பச் சொன்னால் பிள்ளை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். தம்பி பெரும்பாலும் ஏழிலோ எட்டிலோ அசைவான். நான் நான்கில் வாயைத் திறந்திருந்தால் அதை ஒருபோதும் கண்டிருக்க மாட்டேன்.

துடைப்பது 4 நாளில் வந்தது. பைப்பை மூடுவதற்கு 6 நாள், நுரை போகக் கழுவுவதற்கு 5 நாள். மூன்று வாரத்தில் மூன்று படி. தேய்ப்பதைத் தொடங்கி ஏழாவது நாள், அதாவது மொத்தத்தில் 22ஆவது பள்ளி நாள், தரம் நான்கு ஆசிரியை திடீரென்று விடுமுறையில் போனார். நான் ரிலீஃபுக்கு அனுப்பப்பட்டேன். ஒன்பது நாள்.

அலகில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளர் அக்காவை விட்டார்கள். மிகவும் அன்பானவர். அவர்மேல் எனக்குத் துளியும் குறையில்லை. தம்பியைப் பைப்படிக்குக் கூட்டிப்போய், முன்னால் நின்று, ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "பைப்பைத் திறங்கோ தம்பி, சவர்க்காரம் எடுங்கோ, தேயுங்கோ, நல்லாத் தேயுங்கோ, மூடுங்கோ, துடையுங்கோ." அவனும் எல்லாவற்றையும் செய்தான். "டீச்சர், பிள்ளை முழுக்கத் தானாகவே செய்கிறான்" என்று சந்தோஷமாக வந்து சொன்னார்.

பத்தாவது நாள் நான் பைப்படியில் அவனுக்குப் பின்னால் நின்றேன். பத்து வரை எண்ணினேன். தம்பி அசையவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நான் பேசவில்லை. கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றான், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நாளில் கற்ற துடைப்பதுகூட இல்லை. துவாயைத் தொடுவதற்கு முன்னும் என் வாயைப் பார்த்தான்.

உதவியைச் சார்ந்து நிற்பது என்று இதைச் சொல்வோம். கண்டுபிடிப்பது சுலபம்: ஒவ்வொரு படிக்கு முன்னும் பிள்ளை பொருளைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கும். அவனைப் பொறுத்தவரை பைப்பைத் திறந்த பின் வரும் படி கையை நனைப்பது இல்லை, ஓர் ஆள் "நனை" என்று சொல்வது. அந்தக் குரலும் சங்கிலியில் ஒரு வளையமாகிவிட்டது. கையால் செய்யும் உதவியை மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று குறைக்க முடியும், எவ்வளவு குறைத்தோம் என்று கண்ணுக்குத் தெரியும். வாயால் செய்யும் உதவியைக் குறைப்பதுதான் மிகவும் கஷ்டம். நாம் எத்தனை தடவை சொன்னோம் என்று நமக்கே தெரியாது.

22ஆவது நாளில் இருந்த இடத்துக்குத் திரும்பி வர எங்களுக்கு 23 நாள் எடுத்தது. அதன் பிறகு மிச்சமிருந்த படிகளுக்கு 24 நாள். கணக்கைப் பாருங்கள். நான் அலகிலேயே இருந்திருந்தால் 46 நாளில் முடிந்திருக்கும். முடிந்தது 78 நாளில். ஒன்பது நாள் ரிலீஃப், அந்தப் பிள்ளையிடமிருந்து 32 பள்ளி நாளை எடுத்தது. ஆறு வாரத்துக்கும் மேல். தரம் நான்கில் அந்த ஒன்பது நாளும் நான் செய்தது பெரும்பாலும் கொப்பிகளைத் திருத்தியதும் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டதும்தான். அந்தப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு இழப்பும் ஒரே அளவானவை இல்லை. அதிபராக நீங்கள் முடிவெடுக்கும் நேரத்தில் இரண்டாவது இழப்பு உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த 24 நாளில் 11 நாள் சவர்க்காரம் எடுக்கும் படிக்கே போனது. ஏன் என்று தாளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். தொடர்ந்து ஏழு நாள் "கை", "கை" என்றே இருந்தது. அப்படி ஒரே குறி நீண்டுகொண்டு போனால், குறையைப் பிள்ளையில் தேடக் கூடாது, படியில் தேட வேண்டும். சவர்க்காரக் கட்டி வழுக்கியது, அந்த வழுவழுப்பை அவனால் தாங்க முடியவில்லை. அழுத்தினால் வருகிற போத்தல் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். நான்கு நாளில் படி முடிந்தது.

இன்னொன்றும் இருந்தது, கொழும்புப் பிள்ளைகளுக்கே உரியது. வீட்டில் அம்மா "சோப்" என்கிறார். நாங்கள் "சவர்க்காரம்" என்கிறோம். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருபவர் சிங்களவர், அவர் "சபன்" என்கிறார். தமிழில் பேச்சுச் சிகிச்சை தருபவர்கள் குறைவு, கிடைக்கிற இடத்துக்குத்தான் தாய்மார் போகிறார்கள். இரண்டு மூன்று மொழி கேட்பதால் பிள்ளைக்குக் கேடு வரும் என்று சிலர் தாய்மாரைப் பயமுறுத்துகிறார்கள். அது சரியில்லை. அயலெல்லாம் சிங்களம் பேசுகிற இடத்தில் வளரும் பிள்ளையிடமிருந்து அந்த மொழியைப் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு புது வேலையைக் கற்கிற சில வாரங்களுக்கு மட்டும், ஒரு பொருளுக்கு எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னால் உதவியாக இருக்கும். தாயின் சொல்லையே எடுத்துக்கொண்டோம். நானும் "சோப்" என்றேன். ஆஸ்பத்திரிக் கொப்பியில் ஒரு துண்டு எழுதி அனுப்பினேன், அந்த மிஸ்ஸும் மாற்றிக்கொண்டார்.

உங்கள் பாடசாலைகளில் இளம் ஆசிரியைகள் சிலர் இந்தத் துறைக்கு வர ஆசைப்படுவதையும் நான் அறிவேன். என்னிடம் வந்து பாதை கேட்கிறார்கள். உங்களிடமும் கேட்பார்கள், ஆகவே சொல்கிறேன். உயர்தரம் முடித்தவர்களுக்குத் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. மூன்று வருடப் படிப்பு, இரண்டு வருடம் கல்லூரியில் தங்கி, மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. விசேட கல்வியும் அங்கே ஒரு கற்கைநெறி. ஏற்கெனவே சேவையில் இருப்பவர்களுக்கு நாவலையில் திறந்த பல்கலைக்கழகத்தின் விசேட தேவைக் கல்வித் துறை இருக்கிறது, மகரகமவில் தேசிய கல்வி நிறுவகம் இருக்கிறது. நான் ஆரம்பக் கல்விக்குப் பயிற்றப்பட்டவள். அலகுக்கு வேறு ஆள் இல்லை என்று அனுப்பப்பட்டு, இரண்டு வருடம் ஒன்றும் விளங்காமல் இருந்துவிட்டு, பிறகுதான் வார இறுதிகளில் நாவலைக்குப் போய்ப் படித்தேன். அந்த முதல் இரண்டு வருடப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கும். பயிற்சி இல்லாமல் ஒருவரை அலகுக்கு அனுப்ப வேண்டிய நிலை வந்தால், தயவுசெய்து அதே வருடத்தில் ஒரு கற்கைநெறிக்கு விண்ணப்பிக்க வையுங்கள். கற்பித்தல் பயிற்சி நாள்களுக்கு விடுவியுங்கள்.

அந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் உதவியது விரிவுரைகள் இல்லை. ஒரு நாள் என்னைப் பார்வையிட வந்த விரிவுரையாளர் பின்வாங்கில் இருந்து ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு பிள்ளைக்கு மணி கோக்கப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும், "நல்ல அன்பாகப் படிப்பிக்கிறீர்கள்" என்றார். பிறகு தாளைத் திருப்பிக் காட்டினார். ஐந்து நிமிடத்தில் நான் 46 தடவை பேசியிருந்தேன். பிள்ளை மூன்று மணி கோத்திருந்தது. அடுத்த தடவை வாயை மூடிக்கொண்டு செய்யச் சொன்னார். வியர்த்து வழிந்தது. ஆனால் பிள்ளை பதினொரு மணி கோத்தது. உதவியாளர் அக்காவில் எனக்குக் குறையில்லை என்று மேலே எழுதினேனே, அதற்குக் காரணம் இதுதான். எனக்கு யாரோ ஒருவர் எண்ணிக் காட்டினார், அவருக்கு ஒருவரும் காட்டவில்லை.

இனி உட்படுத்தல் கல்வி. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆவது உறுப்புரை, இந்தப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளுடன் பொதுக் கல்வியில் சேர்ந்து படிக்க வேண்டும் என்கிறது. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்ற நம் நாட்டு விதியும் தம்பிக்குப் பொருந்தும். இதையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். நான் கவலைப்படுவது அதைச் செய்கிற முறையைப் பற்றி. ஒரு காலையில் ஏழு பிள்ளைகளையும் கூட்டிப்போய்ப் பெரிய வகுப்பின் பின்வாங்கில் இருத்திவிட்டு, உட்படுத்தியாயிற்று என்று அறிக்கை எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது. "இவர்களுக்குச் சரிவராது" என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினார்கள்.

தம்பியை நாங்கள் தரம் மூன்று கணித வகுப்புக்குக் கொண்டுபோனது மூன்றாம் தவணையில். எண் அவனுக்குப் பிடிக்கும், கூட்டல் நன்றாக வரும். முதல் இரண்டு வாரம் நாற்பது நிமிடப் பாடவேளையில் கடைசிப் பத்து நிமிடம் மட்டும். கை கழுவியபோது இருந்த அதே யோசனைதான்: அவன் போய் இருந்து கொஞ்சம் செய்ததும் மணி அடிக்கும், எல்லோருடனும் சேர்ந்து அவனும் எழும்பி இடைவேளைக்குப் போவான். தோல்வியோடு வெளியே கூட்டிவரப்படும் பிள்ளையாக அவன் ஒரு நாளும் இருக்கவில்லை. பிறகு இருபது நிமிடம். தவணை முடிவில் முழுப் பாடவேளையும்.

வகுப்பாசிரியை முதலில் பயந்தார். "எனக்கு விசேட கல்வி தெரியாது டீச்சர், முப்பத்தெட்டுப் பேரோடு இவனையும் எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்டார். நியாயமான பயம். விசேட கல்வியை அவரிடம் நான் கேட்கவில்லை, மூன்று மாற்றம் மட்டும் கேட்டேன். கரும்பலகையைப் பார்த்து எழுத வைக்க வேண்டாம், கணக்குகளை ஒரு துண்டுத் தாளில் நான் எழுதித் தருகிறேன். அண்ணாந்து பார்ப்பதும் குனிந்து எழுதுவதும் மாறி மாறி வரும்போதுதான் அவன் குழம்புகிறான், கணக்கில் இல்லை. இரண்டாவது, இடம். மின்விசிறிக்குக் கீழே வேண்டாம், கதவுப் பக்கச் சுவரோடு முன்வரிசை. மூன்றாவது, மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது மேசையில் ஒரு மஞ்சள் அட்டையை வைக்க வேண்டும், மணிச் சத்தம் அவனுக்கு இடியாக விழாமல் இருப்பதற்கு. துண்டுத் தாளைப் பிறகு அவர் இன்னும் ஐந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். பார்த்து எழுதுவதிலேயே பாடவேளை முழுவதையும் தொலைத்த பிள்ளைகள் அவர் வகுப்பிலேயே இருந்தார்கள் என்பதை அப்போதுதான் கவனித்ததாகச் சொன்னார்.

தடங்கல் வந்தது வேறொரு பக்கத்திலிருந்து. பக்கத்தில் இருந்த சிறுமி இரக்கப்பட்டு அவனுடைய கணக்குகளையெல்லாம் தானே செய்து கொடுத்தாள். தம்பி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். பைப்படியில் என் முகத்தைப் பார்த்த அதே பார்வை. நான் சிறுமியைக் கூப்பிட்டு, "அவன் நின்றால் மனதுக்குள் பத்து வரை எண்ணு. அப்புறமும் செய்யாவிட்டால் விரலால் அந்தக் கணக்கைக் காட்டு, விடையைச் சொல்லாதே" என்றேன். எட்டு வயதுப் பிள்ளை அதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள்.

இந்த முறையால் எல்லாம் முடியும் என்று சொல்ல வரவில்லை. அலகில் இன்னொரு பிள்ளைக்கு எட்டுப் படியில் நான்குதான் வந்தது. அவள் கைத்தசையின் இறுக்கத்துக்கு அதற்கு மேல் இயலாது, மிச்சத்துக்கு என்றைக்கும் ஓர் ஆள் வேண்டும். அதையும் தாயிடம் மறைக்காமல் சொன்னோம். முழுத் தவணையும் தாளில் ஒரு "தா" கூட விழாத பிள்ளையும் இருந்திருக்கிறது.

ஆனால் இந்த வேலையில் திருப்தி எங்கே வருகிறது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான். தம்பி பள்ளியில் எட்டுப் படியும் செய்யத் தொடங்கிய பிறகும் வீட்டில் செய்யவில்லை. அங்கே பைப் வீட்டுக்குள் இல்லை, தோட்டத்துக்கெல்லாம் பொதுவான பைப், திருகாமல் தூக்கித் திறக்கிறது. ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குத் தானாகப் போகாது, அதையும் படிப்பிக்க வேண்டும். பாடசாலையிலேயே மூன்று விதமான பைப்பில் பழக்கினோம். ஆசிரியர் அறைப் பைப், கன்டீன் பைப், மைதானத்துப் பைப். தாய்க்கும் பின்னால் நிற்கவும் எண்ணவும் காட்டிக்கொடுத்தேன். சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமைக் காலை, படலையடியில் அவர் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொதுப் பைப்பில் ஆட்கள் வரிசையில் நின்றார்களாம். தம்பி போய் வரிசையில் நின்றானாம். முறை வந்ததும் கழுவிவிட்டு, துவாய் இல்லாததால் சேட்டில் துடைத்துக்கொண்டு வந்து சோற்றுக்கு முன்னால் இருந்தானாம். "ஒருவரும் சொல்லவில்லை டீச்சர். நான் சின்னதுக்குத் தீத்திக்கொண்டு இருந்தேன். பார்க்கிறேன், வந்து இருக்கிறான்." அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை, நான்தான் அழுதேன். துவாய் இல்லை, சேட்டில் துடைத்தான் என்ற அந்த ஒரு விடயம். அதை நாங்கள் யாரும் அவனுக்குப் படிப்பிக்கவில்லை.

அதிபர்களே, நான் கேட்பது பணம் செலவாகிற காரியம் எதுவும் இல்லை. காலையில் முதல் பாடவேளையிலிருந்து இடைவேளை முடியும்வரை அலகு ஆசிரியரை வெளியே எடுக்காதீர்கள், எங்கள் வேலையின் பெரும்பகுதி அந்த நேரத்தில்தான் நடக்கிறது. தவிர்க்கவே முடியாத நாளில், முதல் நாளே சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தப் படி நடக்கிறது, எங்கே நிற்க வேண்டும், என்ன பேசக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி, பதிலுக்கு வருபவரிடம் கொடுத்து, பத்து நிமிடம் காட்டிவிட்டுப் போகிறோம். அந்த ஒரு பக்கம் இருந்திருந்தால் எங்கள் உதவியாளர் அக்கா தம்பியின் பின்னால் நின்றிருப்பார். வாரத்தில் ஒரு பாடவேளை அலகு ஆசிரியரும் பெரிய வகுப்பு ஆசிரியரும் சேர்ந்து இருக்கும்படி நேரசூசியைப் போடுங்கள். கணித வகுப்புக்கான அந்த மூன்று மாற்றமும் அப்படி ஒரு பாடவேளையில்தான் பிறந்தன. அன்று அது கிடைத்தது தற்செயலாக.

அடுத்த தவணை தொடங்கி இரண்டாவது வாரத்தில், பிள்ளைகள் பழகிய பிறகு, உங்கள் பாடசாலையின் அலகுக்கு ஒரு காலை வாருங்கள். பத்தேகால் மணிக்கு வந்தால் இடைவேளைக்கு முன் கை கழுவும் நேரம். பேச வேண்டாம், பிள்ளைகளை வணக்கம் சொல்ல வைக்க வேண்டாம். ஒரு பிள்ளை பைப்புக்கு முன்னால் நிற்கும்போது நீங்களும் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். எங்கள் அலகில் பைப்படிக்குப் பக்கத்தில், பிள்ளையின் முகம் தெரியாத பக்கமாக, ஒரு கதிரை போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
கொழும்பில் ஒரு விசேட கல்வி அலகின் ஆசிரியை